வாரத் திட்டமும் 'பிறகு பார்க்கலாம்' பட்டியலும்

'பிறகு பார்க்கலாம்' என்று தனிப் பட்டியல் எதற்கு? எல்லாவற்றையும் வாரத் திட்டத்திலேயே எழுதினால் என்ன?

செய்ய ஆசை இருக்கிறது, ஆனால் இந்த வாரம் செய்வதாக முடிவெடுக்கவில்லை. அப்படிப்பட்டவற்றுக்கான இடம்தான் அது.

என் பழைய வாரத் திட்டத்தில் 'மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவது', 'வயலின் பழகுவது' எல்லாம் 'தண்ணீர்ப் பம்பியைத் திருத்தக் கொடுப்பது' பக்கத்திலேயே கிடந்தன. ஒவ்வொரு காலையும் வயலினைப் பார்த்து 'இன்றைக்கு இல்லை' என்று தள்ளித் தள்ளி, பட்டியலையே மேலோட்டமாகப் பார்க்கப் பழகிவிட்டேன். பம்பியும் அதோடு தப்பிவிட்டது! ஒரே வரியை மூன்றாவது வாரமும் திருப்பி எழுதுகிறீர்களா? அது இடம் மாறி நிற்கிறது.

இப்போது ஞாயிறு மாலை ஒவ்வொரு வரியிடமும் ஒன்று கேட்கிறேன்: எந்த நாள், முதல் வேலை என்ன? பம்பிக்குப் பதில் இருந்தது: செவ்வாய், சுன்னாகத்துக் கடை. வயலினுக்கு இல்லை, அது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் 'பிறகு பார்க்கலாம்' பட்டியலுக்குப் போனது.

நம் ஊரில் பனங்கொட்டையைப் பாத்தி போடுவது போலத்தான். புதைத்தபின் தினமும் கிண்டிப் பார்ப்பதில்லை. அதற்காகக் காலம் கடந்தும் விட்டால் கிழங்கு தும்பாகிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒன்றிரண்டை வாரத்துக்கு எடுப்பேன். ஆசை விட்டுப்போனதை வெட்டிவிடுவேன்.

பிடிக்காத வேலையை ஒளித்துவைக்கும் இடம் இதுவென்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மோட்டார் சைக்கிள் காப்புறுதி போலக் கடைசித் தேதி உள்ள எதுவும் இங்கே வரக்கூடாது.