கேள்வி-பதில்: ஒன்பது கிலோ வெண்கலம்

அப்பா நினைவாக இரண்டரை அடியில் வெண்கல மார்பளவு சிலை செய்து தரச் சொல்லி 1,20,000 ரூபாய் கொடுத்தோம். வீட்டு முன்னால் வைத்து எட்டு மாதம் ஆகிறது. காதோரம் தோல் உரிவதுபோல உரிகிறது. எடை போட்டுப் பார்த்தால் 9 கிலோதான். பில்லில் 'சிலை 1' என்று மட்டும் இருக்கிறது. — தேவிபட்டினம்

வெண்கலம் கறுக்கும், களிம்பேறும். உரியாது. உரிகிறது என்றால் மேலே பூசியது உரிகிறது.

எடை போட்டுப் பார்த்தீர்களே, அது நல்ல காரியம். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆள் உருவச் சிலையைக் கனமாக வார்க்க மாட்டார்கள், உள்ளே கூடாகத்தான் இருக்கும். சுவரின் தடிமன் சுமார் 5 மில்லிமீட்டர். இரண்டரை அடி மார்பளவுச் சிலையின் மேற்பரப்பைத் தோராயமாக 0.6 சதுர மீட்டர் என்று வைத்தால், உலோகம் மட்டும் 3 லிட்டர் அளவு வரும். வெண்கலம் ஒரு லிட்டர் ஏறத்தாழ 8.8 கிலோ. ஆக 26 கிலோ. மெல்லிசாக, 4 மில்லிமீட்டரில் வார்த்தாலும் 21 கிலோவுக்குக் குறையாது. உங்கள் வீட்டில் நிற்பது ஃபைபர். ரெசினில் வெண்கலத் தூளைக் கலந்து மேல்பூச்சாகக் கொடுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி விடுகிறார்கள். புதிதில் அசல் போலவே இருக்கும். எட்டு மாத வெயிலும் உப்புக்காற்றும் பட்டதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

உறுதி செய்ய, சிலையைச் சாய்த்து அடிவிளிம்பின் உள்பக்கத்தை அரத்தால் லேசாக ராவுங்கள். வெண்கலமானால் மஞ்சள் கலந்த சிவப்பில் பளிச்சென்று உலோகத்தூள் விழும். ஃபைபரானால் வெளிறிய மாவும், கையில் நமைச்சல் தரும் கண்ணாடி இழையும் வரும். காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். அது இரண்டிலும் ஒட்டாது. 'பாருங்கள், இரும்பே இல்லை' என்று விற்பவர் காந்தத்தை வைத்துக் காட்டுவதே ஒரு வித்தைதான். அந்த வித்தையில் மயங்கி ஒரு கண்காட்சியில் நானும் வெண்கல பாரதியார் வாங்கியிருக்கிறேன். மேசையிலிருந்து விழுந்து தலைப்பாகை உடைந்தபோது உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

உங்கள் மேல் தப்பில்லை. செய்தவர் வாட்ஸ்அப்பில் 'வெண்கலம்' என்று எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள், அதுவே சாட்சி. சிலைக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கவும் விடாதீர்கள். தராசில் வைத்து எடை தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செய்தவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

நினைவு நாள் வருகிறது. தாத்தாவின் வெண்கலச் சிலையைப் புளி போட்டு விளக்கலாமா? — திருப்புல்லாணி

கூடாது. அது குத்துவிளக்கு இல்லை. அந்தப் பழுப்பு நிறம் அழுக்கும் இல்லை. அமிலமும் சூடும் கொடுத்து வேலையாகக் கொண்டுவந்த நிறம். புளி பட்டால் திட்டுத் திட்டாகப் போய்விடும். நல்ல தண்ணீரில் (போர் தண்ணீரில் அல்ல, அதிலும் உப்பு) கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காயவைத்து, தேன்மெழுகோ நிறமில்லாத மெழுகு பாலிஷோ மெல்லிசாகத் தடவித் துணியால் தேயுங்கள். கடலோரத்தில் இதை வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும்.

கழுவும்போது மூக்கின் ஓரம், காது மடிப்பு, சட்டைக் காலர் எல்லாவற்றையும் பாருங்கள். உப்பு அங்கேதான் தங்கும். கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சைக் களிம்பு பரவாயில்லை. வெளிர்பச்சையில் மாவுபோலப் புறப்பட்டு, துடைத்த சில வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தால் உப்பு உலோகத்துக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மெழுகு போட்டு மூடுவது வியாதியை உள்ளே வைத்துத் தைப்பது. சிலை செய்தவரைக் கூப்பிடுங்கள்.

சிலை வந்துவிட்டது, நல்ல வெண்கலம்தான். ஆனால் அம்மா 'இது அவர் இல்லை' என்கிறார். களிமண்ணில் இருக்கும்போது போனில் படம் அனுப்பினார்கள், ஓகே சொன்னோம். இப்போது திருத்தலாமா? — மண்டபம்

முடியாது. பரு, மச்சம், மீசை ஓரம் என்றால் ராவியோ பற்றவைத்தோ எதையாவது செய்யலாம். தாடையை மாற்ற முடியாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குத்தான் கோபம். பட்டுப்புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறோம். அப்பா முகத்துக்குப் போனில் வந்த படத்தைப் பார்த்து, பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலை அனுப்பிவிடுகிறோம். உருவச் சிலையில் நீங்கள் வாங்குவது களிமண்ணைத்தான். அதற்குப் பிறகு அச்சு எடுப்பது, மெழுகு வார்ப்பது, உலோகம் ஊற்றுவது எல்லாம் அந்த முகத்தை நகல் எடுக்கிற வேலை. வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு பங்கு போலச் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சுருங்குவதால் முகத்தின் விகிதம் மாறாது. களிமண்ணில் இல்லாத ஜாடை வெண்கலத்தில் வராது.

களிமண்ணை நேரில் போய், கையில் ஒரு ஸ்கேலோடு பாருங்கள். உங்கள் கடிதத்தோடு வந்த இரண்டு படங்களில் பழையதை நான் அளந்தேன். அப்பாவின் பழைய படத்தில் இரண்டு கண்களின் வெளிமுனைகளுக்கு நடுவே 40 மில்லிமீட்டர். மூக்கின் அடியிலிருந்து தாடை நுனி வரை 28. அதாவது பத்துக்கு ஏழு. சிலையில் நீங்கள் அளந்து எழுதியிருப்பது 95, 76. பத்துக்கு ஏழு என்றால் 66 அல்லது 67 வந்திருக்க வேண்டும். தாடை ஒன்பது பத்து மில்லிமீட்டர் நீண்டுவிட்டது. அம்மா ஸ்கேல் எடுக்காமலே கண்டுபிடித்துவிட்டார்! படத்தில் தலை நிமிர்ந்து நேராக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். குனிந்திருந்தால் தாடை குட்டையாகத் தெரியும். உங்கள் படத்தில் நேராகவே இருக்கிறார்.

எந்தப் படம் கொடுத்தீர்கள் என்பதும் பாதி விஷயம். கையை நீட்டி எடுத்த செல்ஃபி கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், சிலைக்கு அது விஷம். கிட்டே இருந்து எடுத்தால் மூக்கு பெருக்கும், காது பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்த்துச் செய்த சிற்பி அப்படியே செய்வார். பத்தடி தள்ளி எடுத்த கல்யாண குரூப் போட்டோ மங்கலாக இருந்தாலும் அளவு சரியாக இருக்கும். ஸ்டூடியோக்காரர் சுருக்கத்தை எல்லாம் துடைத்த பாஸ்போர்ட் படமும் சிலைக்கு ஆகாது. நேர்ப்பார்வை ஒன்று, பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று இல்லாமல் யாரும் தலையைச் சுற்றிச் செய்ய முடியாது. பக்கவாட்டுப் படம் இல்லையென்றால் அவர் ஜாடையில் இருக்கும் தம்பியையோ மகனையோ பட்டறைக்கு அழைத்துப்போய் உட்கார வையுங்கள்.

இன்னொன்று. சிற்பிகளில் சிலர் முகத்தைச் 'சரி' செய்துவிடுவார்கள். இரண்டு புருவமும் ஒரே மட்டம், உதடு நடுவில். உங்கள் அப்பாவுக்கு இடது புருவம் சற்று ஏறியிருக்கிறது, சிலையில் அது இறங்கிவிட்டது. அந்த ஏற்றம்தான் அவர்.

சிலை நன்றாக இருக்கிறது. ஆனால் பகலில் கண் இரண்டும் கருங்குழியாகவும், ராத்திரி பேய் மாதிரியும் தெரிகிறது. — தொண்டி

வெண்கலத்தில் கருவிழிக்குக் கறுப்பு மை கிடையாது. கண்மணி இருக்கும் இடத்தைக் குடைந்து, ஓரத்தில் ஒரு பொட்டு மட்டும் மேடாக விடுவார்கள். குழியில் நிழல் விழுந்து கருவிழியாகும், பொட்டில் வெளிச்சம் பட்டு ஒளியாகும். ஆக, வெளிச்சம் சாய்வாக வந்தால்தான் பார்வையே வரும். உச்சிவெயிலில் புருவத்தின் நிழல் முழுக் கண்ணையும் மூடிவிடுகிறது. ராத்திரி நீங்கள் பீடத்தடியில் வைத்த விளக்கு கீழிருந்து அடித்து, மூக்கு நிழலை நெற்றிக்கு ஏற்றுகிறது.

தரை விளக்கை எடுத்துவிட்டு, முகத்துக்கு முன்னால் ஒரு பக்கமாக, 45 டிகிரி சாய்வில் மேலிருந்து விழும்படி ஒரே ஒரு விளக்கு போடுங்கள். பகலுக்கு மேலே சின்னக் கூரை போட்டால் உச்சிவெயில் தடைப்பட்டு வானத்து வெளிச்சம் முன்பக்கமாக வரும். இனிமேல் வைப்பவர்கள் கிழக்குப் பார்த்து வையுங்கள், காலை வெயில் முகத்தில் விழும். நம் கடற்கரையில் வடக்குப் பார்த்து வைத்தால் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் பாதி வரை சூரியன் முதுகுப்பக்கம்தான். அப்புறம், தங்கநிறப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பளபளப்பு கூடினால் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளிதான் தெரியும், முகம் தெரியாது.

சிலைக்குக் கண்ணாடி போடலாமா? அப்பா எப்போதும் கண்ணாடியோடுதான் இருப்பார். — ராமேஸ்வரம்

போடலாம், லென்ஸ் வேண்டாம். ஃபிரேமையும் வெண்கலத்திலேயே செய்யச் சொல்லுங்கள். இரும்புக் கம்பியை வளைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள், முதல் மழைக்காலத்தில் துரு இரண்டு கன்னத்திலும் கண்ணீர் மாதிரி இறங்கும். பீடத்து போல்ட்டும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

எங்கள் சிற்றாலயத்துக்கு மறைந்த பங்குத்தந்தையின் முகத்தோடு வண்ணக்கண்ணாடி ஜன்னல், ஒரே வாரத்தில் தருகிறோம் என்கிறார்கள். விலையும் மலிவு. — தங்கச்சிமடம்

ஒரு வாரத்தில் வருவது ஸ்டிக்கர். சாதாரணக் கண்ணாடியில் கலர் ஃபிலிம் ஒட்டி, மேலே ஈயப்பட்டை மாதிரி ஒரு கோடு ஒட்டுவார்கள். நகத்தால் கோட்டு ஓரத்தை நெம்புங்கள், ஃபிலிம் எழும்பும். அசலில் ஒவ்வொரு நிறமும் தனித்துண்டு. இரண்டு பக்கமும் பள்ளமுள்ள ஈயக்கம்பியில் கோத்து, மூட்டில் பற்றவைத்திருப்பார்கள். முகம் மட்டும் வெளிர்க் கண்ணாடித் துண்டில், கண்ணாடித்தூளும் உலோக ஆக்சைடும் குழைத்த கரும்பழுப்பு மையால் தீட்டி, 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டது. காசு வைத்துச் சுரண்டினாலும் போகாது.

வரைபடம் கேட்டு வாங்கி, ஈயக்கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். தாடை விளிம்பிலும் முடி ஓரத்திலும் ஓடலாம், கன்னத்தைக் குறுக்கே வெட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் திறந்த வானம் இருக்கிறதா? பக்கத்துக் கட்டடச் சுவர் இருந்தால் எவ்வளவு செலவழித்தாலும் முகம் இருட்டாகத்தான் இருக்கும்.

போட்டோ அனுப்பினால் வெண்கல ஃபினிஷில் 3டி பிரிண்ட் சிலை, 4,999 ரூபாய் என்று விளம்பரம். வாங்கலாமா? — பாம்பன்

'ஃபினிஷ்' என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் பிஎல்ஏ பிளாஸ்டிக், 60 டிகிரி சூட்டில் இளகும். வீட்டுக்குள் ஷெல்ஃபில் வைக்க வாங்குங்கள். கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டு மூக்கு சாய்ந்தது என்று எனக்கு எழுதாதீர்கள்.