புதிதாக வருபவர் பேச ஒரு படம் போதும்

கேள்வி: செல்போனில் படம் எடுப்பவர்களுக்காக மாதம் ஒருமுறை ஆன்லைனில் சந்திப்பு நடத்த ஆசை. இதுவரை எதையும் நடத்தியதில்லை. என்ன தலைப்பு வைப்பது? முன்பின் தெரியாதவர்கள் வந்தால் எப்படிப் பேச வைப்பது?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். தலைப்பைச் சரியாக வைத்துவிட்டால் வரவேற்பில் பாதி முடிந்துவிடும். ‘ஒளியும் நிழலும்’ என்று வைத்தால், விஷயம் தெரிந்த இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். ‘ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம்’ என்று வையுங்கள். நேற்று படம் எடுக்கத் தொடங்கியவரிடமும் காட்ட ஒன்று இருக்கும். தலைப்பு யோசிக்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: முதல்முறை வருபவர் கையில் எதைக் கொண்டுவருவார்? பதில் வரவில்லை என்றால் தலைப்பை இன்னும் சுருக்க வேண்டும்.

சந்திப்பு நடக்கும் நாளை ‘மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை’ என்பதுபோல் ஒருமுறை முடிவு செய்துவிட்டு, மாற்றாமல் இருங்கள். ஒவ்வொரு மாதமும் எல்லோரிடமும் வசதி கேட்கத் தொடங்கினால், அதிலேயே களைத்துப்போவீர்கள். வெளிநாட்டிலிருந்தும் ஆள் வருவார்கள் என்றால், நேரத்தோடு எந்த நாட்டு நேரம் என்பதையும் அழைப்பில் எழுதுங்கள்.

கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம் வரை பேசலாம், ஜூமில் 40 நிமிடம். இந்த வரம்பை ஒரு குறையாக நினைக்காதீர்கள். முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரமே அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 பேர் வருவதாகச் சொன்னால் ஏழெட்டுப் பேர் வருவார்கள் என்று வையுங்கள். இலவச நிகழ்ச்சிகளில் இது சகஜம், மனம் சோர வேண்டாம். எட்டுப் பேர், ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் 32 நிமிடம். முன்னால் ஐந்து, முடிவில் எட்டு. மொத்தம் 45 நிமிடம், மீட்டுக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் ஒவ்வொருவரும் தன் திரையைப் பகிர்ந்து படம் காட்டினால் இந்தக் கணக்கு தப்பிவிடும். ஒருவருக்கு எந்தப் பொத்தான் என்று தெரியாது, இன்னொருவர் செல்போனில் இருப்பார். அதனால் முந்தைய நாள் இரவுக்குள் படங்களை வாங்கி, ஒரே கோப்பில் வரிசையாக வைத்து, நீங்களே காட்டுங்கள். அனுப்ப மறந்தவர் வந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த முதல் பத்து நிமிடம். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அறையைத் திறந்து உள்ளே உட்காருங்கள். முதலில் நுழைபவர் பெரும்பாலும் புதியவர்தான். காலியான அறையைப் பார்த்தால் லிங்க் தவறோ என்று வெளியேறிவிடுவார். ‘வாங்க, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இன்னும் ரெண்டு மூணு பேர் வந்ததும் தொடங்கலாம். உங்களை எப்படிக் கூப்பிடணும்?’ என்று கேளுங்கள். திரையில் தெரியும் பெயர் சில நேரம் வீட்டிலுள்ள வேறொருவருடையதாக இருக்கும். அதை வைத்து அழைத்துவிட்டுப் பிறகு திருத்துவது இருவருக்கும் சங்கடம்.

தொடங்கும்போது ‘ஒவ்வொருவரும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று விட்டுவிடாதீர்கள். முதலில் பேசுபவர் ஐந்து நிமிடம் எடுத்தால் பின்னால் வருபவர்களும் அதே அளவில் பேசுவார்கள். நீங்களே முதலில் உங்கள் படத்தைக் காட்டி, எங்கே எடுத்தது, எது சரியாக வரவில்லை என்று இரண்டே வாக்கியத்தில் முடியுங்கள். சுமாரான படத்தையே எடுங்கள். உங்கள் ஆகச்சிறந்த படத்தைக் காட்டினால் அடுத்தவர் தன்னுடையதை ஒளித்துவைப்பார்.

அடுத்து நன்கு பழகிய ஒருவர், அதன்பின் புதியவர் என்று வரிசை வையுங்கள். கேமரா கட்டாயமில்லை, சாட்டில் எழுதினாலும் போதும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் பேசாமலே இருந்தால் அவர் பெயரைச் சொல்லித் திடீரென்று கேட்காதீர்கள். முதலில் அவருக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பி ‘அடுத்து உங்கள் படத்தைக் காட்டலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையா, விட்டுவிடுங்கள், கேட்கத்தான் வந்திருப்பார்.

தாமதமாக வருபவருக்கு, அதற்குமுன் சாட்டில் போட்டது பெரும்பாலும் தெரியாது. ‘இப்போது நான்காவது படம், உங்கள் முறை கடைசியில்’ என்று ஒரு வரி மறுபடி போட ஒரு நண்பரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் அழைப்பிலேயே சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதம் பதிவே வேண்டாம், பலர் அதற்குப் பயந்தே வாயைத் திறப்பதில்லை.

முடிவில் உள்ள எட்டு நிமிடத்தில் அடுத்த மாதத் தலைப்பை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். அன்று இரவே, தலைப்பும் தேதியும் மட்டும் உள்ள சின்னச் செய்தியை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். முதல்முறை வந்தவருக்கு மட்டும், அவருடைய படத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தையும் சேர்த்து எழுதுங்கள்.