கழித்துவிட்டால் அடங்கிவிடுமா? பின்னூட்டப் படம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: பின்னூட்டப் பிளாக் டயக்ராமைப் பலகையில் போட்டதும் எங்கிருந்து படிப்பது என்று திகைத்துவிடுகிறேன். இடமிருந்து வலமாகத்தானே?

அப்படிப் போனால் பாதிப் படம்தான் பிடிபடும். முதலில் கூட்டல், கழித்தல் குறி போட்ட வட்டத்தைத் தேடுங்கள். நாம் கேட்கும் அளவு R ஒரு பக்கமிருந்தும், உணரி அளந்து சொல்லும் அளவு இன்னொரு பக்கமிருந்தும் அங்கே வந்து சேர்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் E வெளியே போகிறது. அம்பு என்றால் சிக்னல். பெட்டி தன்னிடம் வரும் சிக்னலை உள்ளே எழுதியிருப்பதைக் கொண்டு பெருக்கி அனுப்பும்.

அம்பு கிளை பிரியும் இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். தண்ணீர்க் குழாய்போல அங்கே சிக்னல் பங்கு பிரிவதில்லை. இரண்டு கிளையிலும் வெளியீடு Y முழுதாகப் போகிறது.

இப்போது முன்பாதைப் பெட்டியை G என்றும் உணரிப் பெட்டியை H என்றும் வைத்து, வட்டத்தைச் சமன்பாடாக எழுதுங்கள்: E = R − HY. முன்பாதை: Y = GE. முதலாவதை இரண்டாவதில் போட்டால்:

```
Y/R = G / (1 + GH)
```

நிலைத்தன்மை பற்றிய கதை முழுவதும் அந்தக் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. 1 + GH = 0 ஆகும் s மதிப்புகள்தான் மூடிய சுற்றின் போல்கள். அவை எல்லாவற்றின் மெய்ப்பகுதியும் எதிர்மமாக இருந்தால் அமைப்பு நிலையானது.

கேள்வி: என் G தனியாக நிலையானது. பின்னூட்டமோ கழிக்கிறது. பிறகு எப்படி ஆட்டம் வரும்?

நல்ல கேள்வி. கழித்தல் குறி எப்போதும் அடக்கும் என்ற நம்பிக்கையை உடைக்க ஓர் உதாரணம் போதும். G = K/(s+1)³, H = 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக அசையும் மூன்று ஒரே மாதிரிப் பெட்டிகள் வரிசையாக நிற்க, முன்னால் K என்ற கெயின். சுற்றை மூடாதவரை மூன்று போல்களும் −1-இல் பத்திரமாக இருக்கின்றன.

K = 1 வைத்து மூடுங்கள். போல்கள் −2-க்கும் −0.5 ± 0.87j-க்கும் நகர்கின்றன. இன்னும் நிலையானதுதான். ஆனால் 1 கேட்டால் வெளியீடு 0.5-இல் நின்றுவிடும். போதாது என்று K-ஐ 7 ஆக்கினால் 0.875 வரை வரும். இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்று கை போகும் இடம் இதுதான்.

K = 8-இல் என்ன ஆகிறது என்று ஓர் அலையின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். விநாடிக்கு √3 ரேடியன் வேகத்தில் ஆடும் சைன் அலை, ஒவ்வொரு பெட்டியிலும் உயரத்தில் பாதியாகி, 60 டிகிரி பின்தங்குகிறது. மூன்றையும் கடந்தபோது உயரம் எட்டில் ஒன்று, பின்தங்கல் 180 டிகிரி, அதாவது அலை தலைகீழ். கெயின் 8 அதை மறுபடி முழு உயரத்துக்குக் கொண்டுவருகிறது. வட்டத்தில் இருக்கும் கழித்தல் குறி தலைகீழானதை மீண்டும் தலைகீழாக்குகிறது. இப்போது திரும்பி வந்த அலை, கிளம்பிய அலையேதான்! R சுழியமாக இருந்தாலும் சுமார் 3.6 விநாடிக்கு ஒரு முறை ஆடிக்கொண்டே இருக்கும். K எட்டுக்குக் கீழே என்றால் ஆட்டம் தேய்ந்து மறையும், மேலே என்றால் வளரும். நிஜக் கருவியில் அது வளர்ந்து வளர்ந்து, வால்வோ மோட்டாரோ தன் எல்லைகளில் முட்டி முட்டித் திரும்பும். அடக்குவதற்காகப் போட்ட திருத்தம், நேரம் தப்பி வந்ததால் தள்ளிவிடுகிறது.

கேள்வி: சில இடங்களில் 1 − GH என்று இருக்கிறதே?

வட்டத்தில் பின்னூட்டம் கூட்டல் குறியோடு நுழைந்தால் அப்படித்தான் வரும். சூத்திரத்தை விடுங்கள், குறியைப் பாருங்கள். MATLAB-இல் `feedback(G,H)` என்று மட்டும் கொடுத்தால் அது கழித்தல் என்றே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: நிலையற்ற ஒன்றைப் பின்னூட்டம் சரிசெய்யுமா? G = 1/(s−1) என்றால் முன்னால் (s−1) போட்டு அடித்துவிடலாமே?

அடித்தல் தாளில்தான் நடக்கும். உண்மையான போல் 1.01-இல் இருந்தாலே கணக்கு பிசகிவிடும். சரியாகவே பொருந்தினாலும், சிறு அதிர்வு ஒன்று நேராக G-க்குள் நுழைந்தால் அந்த வளர்ச்சி அப்படியே வெளியே வரும். R-இலிருந்து Y-க்குப் போகும் பாதையில் மட்டும்தான் அதை மறைத்திருக்கிறீர்கள்.

பின்னூட்டம் மறைப்பதில்லை, போலையே இடம் மாற்றுகிறது. கெயின் K போட்டு மூடினால் கீழ்ப்பகுதி s − 1 + K ஆகிறது, போல் 1 − K-இல் அமர்கிறது. K ஒன்றுக்கு மேல் இருந்தால் நிலையானது. முன் உதாரணத்தில் கெயின் கூடியது கெடுத்தது, இங்கே கெயின் குறைந்தால்தான் கெடுக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. உணரியின் கம்பி கழன்றால் சுற்று திறந்துகொள்ளும், போல் உடனே பழைய இடமான 1-க்குத் திரும்பும். அந்தக் கணத்தில் இருந்த சிறு விலகல் ஒரு விநாடியில் 2.7 மடங்கு, 5 விநாடியில் கிட்டத்தட்ட 148 மடங்கு ஆகிவிடும்.