வாய்மூடி இருப்பவர்கள்: இரண்டாவது முகமா, மூன்றாவதா?

கேள்வி: இளங்கலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். அதிகாரத்தின் முதல் முகம் புரிகிறது. ஆனால் மக்கள் எதிர்க்காமல் இருந்தால் அது இரண்டாவது முகமா, மூன்றாவதா என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். கேரி நகரத்துப் புகைப் பிரச்சினையை ஒரு கைடு இரண்டாவது என்கிறது, இன்னொன்று மூன்றாவது என்கிறது. தேர்வில் எதை எழுதுவது?

பதில்: இரண்டு கைடுகளையும் மூடி வைத்துவிட்டு, அந்த மக்களுக்கு மனக்குறை இருந்ததா என்று மட்டும் தேடுங்கள். குறை இருந்து அது சபைக்கு வராமல் தடுக்கப்பட்டிருந்தால் இரண்டாவது முகம். குறையே மனதில் எழாதபடி விருப்பங்கள் வளைக்கப்பட்டிருந்தால் மூன்றாவது.

கேரியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கேரியும் ஈஸ்ட் சிகாகோவும் அக்கம்பக்கத்து எஃகு நகரங்கள், இரண்டிலும் ஆலைப் புகை. ஈஸ்ட் சிகாகோ 1949இல் காற்று மாசுக்கு எதிராக நகர விதி கொண்டுவந்தது. கேரி 1962 வரை கொண்டுவரவில்லை. பதின்மூன்று ஆண்டு இடைவெளி ஏன் என்று மேத்யூ கிரென்சன் ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார். ஈஸ்ட் சிகாகோவில் எஃகு நிறுவனங்கள் பல இருந்தன. கேரியோ ஒரே பெரிய நிறுவனம் 1906இல் தனக்காக உருவாக்கிய ஊர்.

முதல் முகத்தைத் தேடுபவர், அதாவது அரசியல் அறிஞர் ராபர்ட் டால் வழியில் போகிறவர், நடந்த வாக்கெடுப்பையும் அதில் வென்றவரையும் பார்ப்பார். கேரியில் பல ஆண்டுகள் வாக்கெடுப்புக்கே விஷயம் வரவில்லை. அந்த நிறுவனம் மேடையேறி எதிர்க்கவும் இல்லை. அதற்குப் பிடிக்காது என்ற எண்ணம் ஊரில் இருந்ததே போதுமானதாக இருந்தது. இப்படிப் பேச்சே எழாமல் நிகழ்ச்சி நிரல் சுருங்குவதைத்தான் 1962இல் பக்ராக், பரட்ஸ் என்ற இரு அரசியல் அறிஞர்கள் இரண்டாவது முகம் என்றார்கள்.

மூன்றாவது முகம் ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் சேர்த்தது. அவரும் கிரென்சனின் ஆய்வையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். உங்கள் கைடுகள் மோதிக்கொள்வதற்கு இதுவே காரணம்: உதாரணம் உண்மையில் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதைச் சொல்லாமல் ஆளுக்கொரு பக்கம் வெட்டி, 'மாதிரி விடை' என்று விற்கிறார்கள். நோட்ஸ் வியாபாரிகளுக்கு மூன்று முகமும் மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் உதாரணம். மூன்றாவது பெட்டியில் தவறாமல் 'விளம்பரம் மக்களை மயக்குகிறது' என்று ஒரு வரி இருக்கும். யார், எந்த வழியில், எந்த விருப்பத்தை மாற்றினார் என்று காட்டாத அந்த வரிக்கு மதிப்பெண் போடுகிற முறை இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது.

ஒரே ஒரு இடத்தில் நிதானமாக நில்லுங்கள். புகை கெடுதல் என்று தெரிந்தே, வேலை போய்விடக் கூடாது என்பதற்காக ஒருவர் பேசாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய விருப்பத்தை யாரும் வளைக்கவில்லை, அவர் கணக்குப் போட்டிருக்கிறார். 'வேலைக்கு ஆபத்தில்லை என்று உறுதி கிடைத்தால் புகையைக் குறைக்கச் சொல்வீர்களா?' என்று அவரைக் கேட்டால், உடனே ஆமாம் என்பார். குறை உள்ளே இருந்திருக்கிறது, அச்சம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. அது இரண்டாவது முகம். உறுதி கொடுத்த பிறகும் 'புகைதானே ஊருக்கு வளம், அதில் என்ன தப்பு?' என்றால்தான் மூன்றாவது முகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டும். அப்போதும் அவசரப்படக் கூடாது. அந்த எண்ணம் அவருக்குள் எப்படி வந்தது, அதை ஊட்டியவர் யார் என்று காட்ட வேண்டும். அதிகாரம் இல்லாதிருந்தால் அவர் வேறு மாதிரி நினைத்திருப்பார் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். கேரிக்கு அந்த ஆதாரமாக நிற்பது பக்கத்து ஊர்: ஒரே நிறுவனத்தின் நிழல் இல்லாத இடத்தில், அதே மாதிரிப் புகையில் வாழ்ந்தவர்கள் முன்பே விதி கேட்டார்கள். இப்படி ஓர் ஒப்பீடு இல்லாமல், 'மக்களின் உண்மையான நலன் எனக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் தெரியவில்லை' என்று எழுதினால், லூக்ஸ் மீது வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டை நீங்களே உங்கள் மீது இழுத்துக்கொள்கிறீர்கள்.

தேர்வுத்தாளில் 'மக்கள் எதிர்க்கவில்லை' என்று மட்டும் கொடுத்திருந்தால், ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து அடம்பிடிக்க வேண்டாம். எந்தத் தகவல் கிடைத்தால் இரண்டாவது, எது கிடைத்தால் மூன்றாவது என்று இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். கேரியைக் கேட்டால், நிறுவனத்தின் மௌனத்தை இரண்டாவது முகத்துக்கும், புகையை வளமாகப் பார்க்கும் மனநிலை இருந்திருந்தால் அதை மூன்றாவதுக்கும் கொடுத்து, பக்கத்து ஊரின் 1949ஐ மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.