நிறுவனர் மேல் கீமேன் பாலிசி: போர்டுக்கு என்ன எழுதுவது?

கோவையிலிருந்து ஒரு நிதி அலுவலர்: பம்ப் உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. நிறுவனருக்கு 38% பங்கு, அவர் மனைவிக்கு 7%, மீதி முதலீட்டாளர்களுக்கு. கம்பெனி மதிப்பு 60 கோடி, அதில் அவர் பங்கு 22.8 கோடி. அந்தத் தொகைக்கே பாலிசி கேட்டு போர்டுக்கு எழுதலாமா?

அந்த 22.8 கோடியை விட்டுவிடுங்கள் சார். கீமேன் பாலிசி என்பது, முக்கியமான ஒருவர் இறந்தால் கம்பெனிக்கே பணம் வரும்படி, கம்பெனி அவர் உயிர்மேல் எடுக்கும் ஆயுள் காப்பீடு. அவர் இறந்தால் அந்தப் பங்குகள் வாரிசுகளுக்குப் போகும். கம்பெனிக்கு அதில் நஷ்டம் இல்லை. கம்பெனிக்கு அவர் உயிரில் காப்பீட்டு நலன் இருப்பது, அவர் இல்லாவிட்டால் அதன் கையைவிட்டுப் போகும் பணத்தின் அளவுக்குத்தான். வாரிசுகளிடமிருந்து பங்கை வாங்கப் பணம் வேண்டுமென்றால் அது தனி ஏற்பாடு, இந்தக் குறிப்பில் கலக்காதீர்கள்.

பங்கு விகிதம் வேறொரு இடத்தில் முக்கியம். நிறுவனரே பாதிக்கு மேல் வைத்திருந்தால், கம்பெனிப் பணத்தில் தனக்கே பாலிசி எடுக்கிறார் என்று காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். பலர் 51%-ஐ எல்லையாக வைக்கிறார்கள், குடும்பப் பங்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் 38-உம் 7-உம் சிக்கல் தராது என்றே நினைக்கிறேன். முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

அவரே மீண்டும்: அப்படியானால் தொகை எவ்வளவு? அவர் சம்பளம் ஆண்டுக்கு 30 லட்சம். மூன்று ஆண்டு சராசரி நிகர லாபம் 2 கோடி, மொத்த லாபம் 6 கோடி.

காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாகப் பார்க்கும் அளவுகோல்களில் இரண்டு: சம்பளத்தைப் போல் 10 மடங்கு, நிகர லாபத்தைப் போல் 5 மடங்கு. உங்களுக்கு 3 கோடியும் 10 கோடியும் வருகிறது. பெரும்பாலும் குறைந்ததையே பிடிப்பார்கள். நிறுவனர்கள் சம்பளத்தைக் குறைத்தே எடுப்பதால் 3 கோடி உண்மை நஷ்டத்தைக் காட்டாது. அதனால் நஷ்டத்தை நீங்களே கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

மொத்த லாபத்தில் 40%, அதாவது 2.4 கோடி, அவர் நேரில் பேசிப் பிடித்துவைத்திருக்கும் வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி நழுவி, மீள ஒன்றரை ஆண்டு ஆனால் 1.8 கோடி. அவர் இடத்துக்கு ஆள் தேடவும் கூடுதல் சம்பளத்துக்கும் 60 லட்சம். அவரது சொந்த உத்தரவாதத்தில் நிற்கும் வங்கிக் கடனில் உடனே கட்ட நேரக்கூடியது 2 கோடி. கூட்டினால் 4.4 கோடி.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கீமேன் பாலிசித் தொகை கம்பெனியின் வருமானமாக வரிக்கு உட்படும். ஆனால் முழுத் தொகையையும் வரிக்காக உயர்த்தக் கூடாது. இழந்த லாபம் வந்திருந்தாலும் வரி கட்டியிருப்பீர்கள். ஆள் தேடும் செலவு கழிவாகும். கடனின் அசலுக்கு மட்டும்தான் கழிவு இல்லை. வரி சுமார் 25% என்றால், 2 கோடி கையில் நிற்க 2.67 கோடி வேண்டும். ஆக 1.8, 0.6, 2.67 சேர்த்து ஏறக்குறைய 5 கோடி கேளுங்கள். அந்த 40% எங்கிருந்து வந்தது என்பதற்கு வாடிக்கையாளர்வாரி விற்பனைப் பட்டியலை இணையுங்கள். அது இல்லாவிட்டால் 3 கோடியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஒரு கம்பெனி செயலர்: பிரீமியம் செலவாகக் கழிவதால், முதிர்வுத் தொகை தரும் பாலிசி எடுத்துப் பிறகு நிறுவனர் பெயருக்கு மாற்றலாமே? தீர்மானத்தில் அவர் வாக்களிக்கலாமா?

பிரீமியம் கழிவு பற்றிச் சொன்னது சரி. மற்றது பழைய வழி. கீமேன் இப்போது, இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசியாக மட்டுமே கிடைக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 2013 திருத்தத்துக்குப் பிறகு, பெயர் மாற்றினாலும் அது வரிக்குக் கீமேன் பாலிசியாகவே நீடிக்கும்.

வாக்கு விஷயத்தில் ஒரே கருத்து இல்லை. பணம் கம்பெனிக்கே வருவதால் அவருக்கு நேரடி நலன் இல்லை என்பவர்கள் உண்டு. ஆனால் அவர் உத்தரவாதம் கொடுத்த கடன் அடைபடுவதால் பயன் அவர் குடும்பத்துக்கும் போகிறது. நலனைத் தெரிவித்துவிட்டு வாக்களிக்காமல் இருக்கட்டும் என்பேன். அவருடைய எழுத்துச் சம்மதமும் மருத்துவப் பரிசோதனையும் எப்படியும் வேண்டும். சர்க்கரை நோயை மறைத்தால், முதல் மூன்று ஆண்டுக்குள் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு இடம் தருகிறது.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: என் கணவர் தனியாக ஹார்டுவேர் கடை நடத்துகிறார். கடை பெயரில் அவருக்கு இதை எடுக்கலாமா அண்ணா?

முடியாதும்மா. உரிமையாளர் ஒருவரே என்றால் கடையும் அவரும் சட்டப்படி ஒருவர்தான். கடன்காரர்கள் கைக்குப் போகாமல் பணம் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வர, 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் அவர் தன் பெயரில் டேர்ம் பாலிசி எடுக்கட்டும். விண்ணப்பிக்கும்போதே அதைக் குறிப்பிட வேண்டும்; பிறகு சேர்க்க முடியாது.

கோவை நிதி அலுவலர்: நிறுவனர் இரண்டு ஆண்டில் விலகிவிட்டால் பாலிசி செல்லாமல் போகுமா?

போகாது. காப்பீட்டு நலன் எடுக்கும் நாளில் இருந்தால் போதும் என்பதே ஆயுள் காப்பீட்டில் வழக்கம். ஆனாலும் பிரீமியம் தொடர்ந்து கட்டக் காரணம் இருக்காது. ஐந்து ஆண்டுக் காலம் போட்டு, ஒவ்வொரு ஆண்டும் கடன் நிலுவையோடு தொகையை ஒப்பிட்டுப் பார்ப்பதாகத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். வங்கி பாலிசியை ஒப்படைக்கச் சொன்னால் கடன் பகுதிக்குத் தனிப் பாலிசி எடுத்து அதை மட்டும் கொடுங்கள். ஒரே பாலிசியாக ஒப்படைத்தால் 1.8 கோடி நஷ்டத்துக்கு வைத்த பணத்திலும் வங்கிதான் முதலில் கை வைக்கும்.