மூன்று பேர், மூன்று பைகள்

அண்ணா,

நாங்கள் மூன்று பேரும் ஒரே அரசு ஐ.டி.ஐ.யில் படித்தோம். நான் எலக்ட்ரீஷியன், ஒருவன் பிளம்பர், இன்னொருவன் ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் பார்ப்பான். ஏழு மாதமாகச் சேர்ந்து கடை போட்டிருக்கிறோம். அவரவர் வேலைக்கு அவரவர் காசு, வாடகையை மட்டும் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம். காலையில் கிளம்பினால் இரவுதான் வீடு. ஆனாலும் மாதம் பன்னிரண்டாயிரம் தாண்டவில்லை. லோன் போட்டு ஒரு சின்ன வேன் வாங்கினால் வேலை கூடுமா? இல்லை, பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடலாமா?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள தம்பிக்கு,

வேனும் வேண்டாம், பிரியவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "அவரவர் வேலைக்கு அவரவர் காசு" என்ற வரிதான். கடை ஒன்றாக இருந்தாலும் பை மூன்றாக இருக்கிறது. காசு கசிவது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் கடையின் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார். "மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன், ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் வெடித்திருந்தது. புதிதாகப் போட்டதும் ஓடியது, காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதினைந்து நாளில் மறுபடியும் அதே கெப்பாசிட்டர் போய்விட்டது. மட்டமான சரக்கு என்று நினைத்து வேறு கம்பெனியுடையதை என் செலவில் மாற்றினேன். மூன்றாவது முறை அந்த வீட்டம்மா வாசலில் வைத்தே, "தம்பி, உங்களுக்கு இது தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க" என்றார். அந்தத் தெருவில் அதன் பிறகு ஒரு வருடம் எங்களுக்கு வேலை வரவில்லை.

கோளாறு கெப்பாசிட்டரில் இல்லை, சம்ப்புக்குள் ஃபுட் வால்வில் இருந்தது. வால்வு சரியாக மூடாததால் மோட்டார் நின்றதும் சக்ஷன் பைப்பில் இருந்த தண்ணீர் கீழே இறங்கிவிடும். அடுத்த முறை ஸ்விட்ச் போட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி போடுவார்கள். ஒரு தொட்டி நிரம்புவதற்குள் எட்டுப் பத்துத் தடவை ஸ்டார்ட் ஆகும். ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் ஓரிரு நொடி மட்டும் வேலை செய்து விலகிக்கொள்ள வேண்டிய பொருள். திரும்பத் திரும்பப் போட்டால் சூடு ஆறாமலே அடுத்த ஸ்டார்ட்டுக்குப் போகும், கடைசியில் உப்பி வெடிக்கும். பிளம்பிங் கோளாறு எலக்ட்ரிகல் கோளாறாக முகம் காட்டியது. எங்களிடம் அன்றைக்கே நல்ல பிளம்பர் இருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை, ஏனென்றால் அவர் வந்தால் காசு அவருக்குப் போகும்.

அந்த வேலையை இன்று எப்படிப் பார்ப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மெயினை அணைத்துவிட்டு ஃபேன் பக்கம் இருக்கும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் இம்பெல்லர் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. அந்த நிலையில் கெப்பாசிட்டர் மாற்றிப் பயனில்லை. லேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டரை ஒரு பல்பு வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டு மீட்டரில் மைக்ரோஃபேரட் பார்த்து, மேலே அச்சிட்ட அளவோடு ஒப்பிட வேண்டும். மாற்றிய பிறகு மோட்டார் லோடில் ஓடும்போது வோல்டேஜும் ஆம்பியரும் எடுக்க வேண்டும். மாலை நேரத்தில் வோல்டேஜ் இருநூறுக்கும் கீழே இறங்கும் வீடாக இருந்தால், மோட்டார் வேகம் பிடிக்காமல் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் ஸ்விட்ச் விலகாது. கெப்பாசிட்டர் லைனிலேயே கிடந்து வெந்துவிடும். அதற்கு மருந்து வேறு.

வோல்டேஜ் சரியாக இருக்கிறது, ஆனால் ஆம்பியர் நேம் பிளேட்டில் உள்ளதைவிட நன்றாகக் குறைவு, தண்ணீரும் மெலிதாக வருகிறது என்றால் பம்ப் காற்று வாங்குகிறது. இங்கே பிளம்பர் வர வேண்டும். பிரைமிங் கப்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிவிட்டுச் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மட்டம் இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது. பைப் இணைப்பில் வெளியே சொட்டினால் காற்று வாங்கும் இடம் அதுதான். வெளியே எங்கும் சொட்டாமல் இறங்கினால் ஃபுட் வால்வு. வால்வில் மணலோ சணல் துணுக்கோ சிக்கியிருக்கும், அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். மட்டம் இறங்குவதை வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்த்துவிட்டால் கூலிக்குப் பேரம் பேச மாட்டார்.

இனி உங்கள் காசுக் கணக்கு. மூன்று பேருக்கும் ஆளுக்குப் பதினைந்தாயிரம் வேண்டும் என்று வையுங்கள். 45,000. வாடகை 4,000. ஆளுக்கு நாளைக்கு நூறு ரூபாய் பெட்ரோல், 26 நாளுக்கு 7,800. போன், கருவித் தேய்மானம், சில்லறைச் செலவு 3,200. மொத்தம் 60,000. நீங்கள் பத்து மணி நேரம் வெளியே இருந்தாலும் காசு வரும் நேரம் நாலு மணிக்கு மேல் இருக்காது. மீதி வண்டியிலும், பார்ட்ஸ் கடையிலும், பூட்டிய வீட்டு வாசலிலும் போகும். மூன்று பேருக்கு மாதம் 312 மணி நேரம். அறுபதாயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு 192 ரூபாய் வரும். ஆறில் ஒரு பங்கு நேரம் என் கெப்பாசிட்டர் மாதிரி இலவசமாகத் திரும்பப் போன வேலை என்றால், மிஞ்சுவது 260 மணி. அப்போது மணிக்கு 231 வாங்கினால்தான் அதே பதினைந்தாயிரம் நிற்கும். ஊரில் எல்லோரும் வாங்குகிறார்கள் என்று ஒரு வேலைக்கு நூற்றைம்பது வாங்கினால் எவ்வளவு ஓடினாலும் கை காயும். வேன் வாங்கினால் அந்த அறுபதாயிரத்தோடு மாதத் தவணையும் டீசலும் ஏறும். 312 மணி 313 ஆகாது.

இப்போது அந்த மோட்டார் வேலையை ஒரே பையில் செய்து பாருங்கள். நீங்களும் பிளம்பரும் ஒன்றாகப் போய் ஒன்றரை மணி நேரம் வேலை, ஆக மூன்று மணி. 231 வீதம் கூலி 693, எழுநூறு என்று வைக்கலாம். கெப்பாசிட்டருக்கும் வால்வுக்கும் கடை பில்லைக் காட்டி அதே காசு. வீட்டுக்காரர் முதலில் முகம் சுளிப்பார். அதனால் போனிலேயே "வந்து பார்த்துக் காரணம் சொல்ல இவ்வளவு, வேலை செய்தால் அது கூலியில் கழியும்" என்று சொல்லிவிடுங்கள். பார்த்த அளவுகளை ஜாப் கார்டில் எழுதி ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள்: வோல்டேஜ், ஆம்பியர், மைக்ரோஃபேரட், எதை மாற்றினோம், எதை மாற்றச் சொல்லியும் அவர் வேண்டாம் என்றார். அந்தக் கடைசி வரி முக்கியம். பழைய வால்வே இருக்கட்டும் என்று அவரே சொல்லியிருந்தால், அடுத்த முறை கெப்பாசிட்டர் போகும்போது அது உங்கள் பொறுப்பில் சேராது.

பையை ஒன்றாக்கினால் ஒருவன் உழைக்க ஒருவன் தூங்குவான் என்ற பயம் வரும், அது நியாயமான பயம். எங்கள் கடையில் செலவு போக முதலில் ஆளுக்குச் சமமான ஒரு தொகையை எடுத்துக்கொண்டோம். அதற்கு மேல் மிஞ்சியதை ஜாப் கார்டில் உள்ள மணிக் கணக்குப்படி பிரித்தோம். அடுத்தவன் வேலைக்குத் துணைக்குப் போன நேரமும் கணக்கில் ஏறும். இலவசமாகத் திரும்பப் போன நேரம் யாருக்கும் ஏறாது. உங்கள் ஏசி நண்பனுக்கு மார்ச் முதல் ஜூன் வரை மூச்சுவிட நேரம் இருக்காது, கார்த்திகை மார்கழியில் சும்மா இருப்பான். தனிப் பையில் அவன் குளிர்காலத்தில் கம்பெனி வேலைக்குப் போய்விடுவான், கோடையில் உங்களுக்கு ஆள் இருக்காது. பொதுப் பையில் அவன் இருப்பான். இதைப் பங்குதாரர் பத்திரமாக எழுதிப் பதிவும் செய்துகொள்ளுங்கள். பதிவு இல்லாத கூட்டு நிறுவனம் பாக்கி வைத்த வாடிக்கையாளர் மேல் அந்த ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. அபார்ட்மென்ட் வேலை எடுக்கத் தொடங்கினால் இது உறைக்கும்.

மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யும்போது ஒரு ஆபத்தும் உண்டு. ஏசி மாட்டப் போன நண்பன் "லைனையும் இழுத்துக் கொடுத்துருங்க" என்று உங்களைக் கூப்பிடுவான். ஸ்விட்ச், ஃபேன், ஃப்யூஸ் போன்றவற்றை அதே திறனில் மாற்றுவதற்கு மின் பாதுகாப்பு விதிகளில் விலக்கு இருக்கிறது. போர்டிலிருந்து ஏசிக்குப் புது லைன் இழுப்பது அந்த விலக்குக்குள் வராது, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் செய்ய வேண்டிய வேலை அது. ஐ.டி.ஐ. சான்றிதழ் மட்டும் அதற்குப் போதாது. ஊரில் உரிமம் உள்ள ஒருவரோடு பேசி அந்த வேலைகளை அவர் பெயரில், அவர் மேற்பார்வையில் செய்யுங்கள். கூடவே நீங்கள் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் வயர்மேன் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரில் ஒன்றரை டன் ஏசியைக் கோத்துவிட்டு வருவதை மட்டும் எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள். அது ஓடும், ஒரு வாரம் நன்றாகவே ஓடும். பிறகு சுவருக்குள் இன்சுலேஷன் உருகத் தொடங்கும்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் முத்ராவில் சிசு பிரிவு போதும், அதன் உச்சவரம்பே ஐம்பதாயிரம், அடமானம் கேட்க மாட்டார்கள். அதிலும் பாதிக்கு மேல் தேவைப்படாது. கெப்பாசிட்டரும் அளக்கும் நல்ல கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்குங்கள். பிறகு ஏழு மாத வேலைகளை நினைவுபடுத்தி, எந்தப் பொருளுக்காக அடிக்கடி கடைக்கு ஓடினீர்கள் என்று மூன்று பேரும் உட்கார்ந்து எழுதுங்கள். அநேகமாக அது ஃபேன் கெப்பாசிட்டர், ஓரிரு அளவு மோட்டார் கெப்பாசிட்டர், ஃபுட் வால்வு வாஷர், டேப் ஸ்பிண்டில், வாஷிங் மெஷின் டிரெய்ன் பம்ப், டெஃப்லான் டேப் என்று இருபது பொருளுக்குள் அடங்கும். அவற்றை இரண்டு பெட்டியாக்கி வண்டியில் கட்டிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒருவருக்கு முக்கால் மணி நேரம் மிஞ்சினாலும் மாதம் மூன்று பேருக்கு 58 மணி வரும்.

ஒரு மாதம் கார்டு எழுதிவிட்டு, திரும்பப் போன வேலைகள் எத்தனை, அவற்றில் எத்தனை இன்னொருவனைக் கூப்பிட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்