அன்டிபயோடிக்குக்குப் பின் குழந்தையின் வாயில் வெண்படை

"மகனுக்கு மூன்று மாதம். காதுக்கிருமிக்கு ஐந்து நாள் அன்டிபயோடிக் பாணி கொடுத்தோம். இப்போது நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தாய்ப்பாலோடு போத்தல் பாலும் குடிக்கிறான். இது அக்கரமா? போத்தலைச் சுடுதண்ணீரில் அலசினால் போதாதா?"
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

நாக்கில் மட்டும் மெல்லிய வெண்மை இருந்தால் அது பெரும்பாலும் பால் படிவுதான். ஈரத்துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்தால் போய்விடும். கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் தயிர்த் துணுக்குகள்போல ஒட்டியிருந்து, துடைத்தாலும் எளிதில் வராமல், வந்த இடம் சிவந்து புண்போலத் தெரிந்தால் அதுதான் அக்கரம், கன்டிடா என்ற பங்கசால் வருவது. உங்கள் மகனுக்குக் கன்னத்திலும் இருப்பதால் இரண்டாவதையே சந்தேகிக்கிறேன். அன்டிபயோடிக் வாயிலுள்ள நல்ல பற்றீரியாக்களையும் குறைத்துவிடுவதால், அவை அடக்கி வைத்திருந்த பங்கசு பெருகுகிறது. ஒருமுறை சோதித்தால் போதும், சுரண்ட வேண்டாம்.

வைத்தியர் வாயைப் பார்த்து உறுதிசெய்தால் வழக்கமாக நிஸ்டாடின் துளிமருந்து தருவார். இந்த வயதில் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர், நாளுக்கு 4 தடவை. ஆனாலும் சீட்டில் எழுதிய அளவையே கொடுங்கள். இம்மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறி வேலை செய்வதில்லை, படையின்மேல் பட்டு நின்றால்தான் பங்கசைக் கொல்லும். ஆகவே பால் கொடுப்பதற்கு முன் அல்லாமல் கொடுத்த பின், பாதியை ஒரு கன்னத்துக்குள்ளும் மீதியை மறுகன்னத்துக்குள்ளும் விட்டு, படைகள்மேல் தடவிவிடுங்கள். மூன்றாம் நாளே வாய் தெளிந்துவிட்டதென்று நிறுத்துவதே நான் அடிக்கடி காணும் தவறு. வெண்மை மறைந்த பின்னும் இரண்டு நாள் தொடர வேண்டும். மைக்கொனசோல் ஜெல்லை, பக்கத்து வீட்டில் மீந்திருந்தாலும், நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தடவ வேண்டாம், தொண்டையில் அடைத்து மூச்சுத் திணற வைக்கக்கூடும். தேனும் கூடாது.

சுடுதண்ணீரில் அலசுவது போதாது. முலைக்காம்பு ரப்பரின் மடிப்பிலும் மூடியின் மரைக்குள்ளும் பால் தங்கினால் பங்கசு அங்கே இருந்து திரும்ப வாய்க்குப் போகும். போத்தலை முழுவதும் கழற்றி, சவர்க்கார நீரில் பிரஷால் தேய்த்து அலசிய பிறகு, எல்லாப் பாகமும் மூழ்கும்படி, நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். சூப்பி இருந்தால் அதையும் போடுங்கள். பிசுபிசுத்த, வெடித்த ரப்பர்களைக் கொதிக்க வைத்தும் பயனில்லை, அவற்றை மாற்றிவிடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். உங்கள் காம்பில் எரிவோ வெடிப்போ இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்யாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் தொற்றும். குழந்தையின் அரையில் சிவந்த படையும் அதைச் சுற்றிச் சிறு பொட்டுகளும் தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் இதே பங்கசுதான், அதற்குத் தனிக் களிம்பு வேண்டும்.

ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மீண்டும் காட்டுங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.